முகடா, கோடா? கடைப் படத்தில் காயைக் கண்டுபிடிப்பது

கடையில் நேரில் நிற்கிறவருக்குப் பீர்க்கங்காயையும் புடலங்காயையும் பிரித்துச் சொல்லத் தனிப் பயிற்சி ஒன்றும் வேண்டாம். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். ஒன்று விரலில் உறுத்தும், இன்னொன்று வழுக்கும், மூன்றாவது முள்ளாகக் குத்தும். சிக்கல் படத்தில்தான் வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் காய்காரர் காலையில் ஒரு படம் போடுகிறார்; "நடுவுல இருக்கறது ரெண்டு கிலோ" என்று யாரோ கேட்கிறார்கள். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையிலோ டொரொன்டோவின் ஸ்கார்பரோவிலோ நிற்கும் பிள்ளை ஊருக்குப் படம் அனுப்பி, "அம்மா, இதுல எதும்மா புடலங்காய்?" என்கிறான். "வெள்ளையா நீளமா கிடக்குது பாரு, அதுதாம்பா" என்று பதில் போகிறது. வீட்டுக்குப் போய் நறுக்கினால் உள்ளே சுரைக்காய்.

அம்மாவின் கண்ணில் குறையில்லை. அவர் பார்த்த இரண்டு அடையாளங்களும், அதாவது நிறமும் நீளமும், படத்துக்குள் போனதும் நம்பத்தகாதவையாகிவிட்டன.

முதலில் நிறம். தள்ளுவண்டிக்கும் தரைக்கடைக்கும் மேலே பெரும்பாலும் தார்ப்பாய் கட்டியிருக்கும், நீலம் அல்லது ஆரஞ்சு. வெயில் அதன் வழியாக இறங்கும்போது பாயின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டே காயின் மேல் விழுகிறது. நீலப் பாய்க்குக் கீழே வெளிர்பச்சைப் புடலங்காய் சாம்பல் பூத்ததாகத் தெரியும். ஆரஞ்சுப் பாய்க்குக் கீழே பச்சைப் பாகற்காய் பழுக்கத் தொடங்கியதாகத் தோன்றும். கைப்பேசிக் கேமரா இதைச் சரிசெய்யத் தானாக முயல்கிறது. படத்தில் எது வெள்ளையாக இருக்கவேண்டும் என்று ஊகித்து, மற்ற நிறங்களை அதற்கேற்பத் தள்ளுகிறது. ஆனால் சட்டகம் முழுக்கப் பச்சைக் காய்களே நிறைந்திருந்தால் அந்த ஊகத்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரே குவியலை இரண்டு கைப்பேசிகளில் எடுத்தால் இரண்டு பச்சை வருவது இதனால்தான்.

கேமரா ஒரு பக்கம் இருக்கட்டும், காய்களே நிறத்தில் ஒரு கட்சி கிடையாது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ப்ரீத்தி' பாகல் வெள்ளை நிறம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 புடல் வெளிர்பச்சை கலந்த வெண்மை. அதே பல்கலைக்கழகத்தின் பி.கே.எம். 1 புடலோ கரும்பச்சையில் வெள்ளைக் கோடுகள் போட்டது. 'வெள்ளையாக இருந்தால் புடல், பச்சையாக இருந்தால் பாகல்' என்ற கணக்கு இங்கேயே உடைந்துபோகிறது.

நீளமும் அப்படித்தான். பி.கே.எம். 1 ஆறடிக்குப் பக்கம் வளரும். கோ 2 ஓரடியோடு நின்றுவிடும். இரண்டும் புடலங்காய்தான். போதாததற்கு, கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் காய் படத்தில் சுருங்கிக் குட்டையாகிவிடுகிறது. அகலக்கோண வில்லையில் எடுத்தால் சட்டகத்தின் ஓரத்தில் இருக்கும் காய் இழுபட்டு நீண்டுவிடுகிறது. பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லாவிட்டால், கோவைக்காயையும் வெள்ளரிப்பிஞ்சையும்கூட ஒன்றென்று நினைக்க இடமுண்டு.

அப்படியானால் படத்தில் எதைத்தான் பார்ப்பது? தோலின் மேல் நீளவாக்கில் ஓடுவது என்ன என்பதையும், இரண்டு முனைகளும் எப்படி முடிகின்றன என்பதையும். இந்த இரண்டும் எந்தப் பாய்க்குக் கீழேயும் பெரிதாக மாறுவதில்லை.

தோலில் தொடங்கலாம். கொடிக்காய்களின் தோலில் நீளவாக்கில் மூன்று விதமான வரிகள் உண்டு. ஒன்று, தோலே மேடாக எழுந்து நிற்பது. இதை முகடு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மேடு பள்ளம் ஏதுமில்லாமல் நிறம் மட்டும் மாறும் கோடு. மூன்றாவது, மேடாக எழுந்தும் தொடர்ந்து ஓடாமல் உடைந்து உடைந்து முள்ளும் பருவுமாக நிற்பது. பீர்க்கங்காய் முதல் வகை, புடலங்காய் இரண்டாவது, பாகற்காய் மூன்றாவது. கையால் தடவிப் பார்த்தால் நொடியில் தெரிவதைக் கண்ணால் படத்தில் கண்டுபிடிக்க ஒரே வழி நிழல்.

முகடு என்பது ஒரு மேடு. ஒளி ஒரு பக்கமிருந்து வந்தால் மேட்டின் அந்தப் பக்கம் மின்னும், மறுபக்கத்துப் பள்ளம் இருளும். ஆகவே பீர்க்கங்காயின் ஒவ்வொரு வரியும் படத்தில் ஜோடியாகத் தெரியும்: ஒரு வெளிச்சக் கீற்று, அதை ஒட்டி ஓர் இருட்டுக் கீற்று. காயின் வெயில் பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்குப் போகப் போக இந்த ஜோடியின் அகலம் மாறிக்கொண்டே போகும். வெறும் கோட்டுக்கு அது கிடையாது. புடலின் வெள்ளைக் கோடு வெயில் பக்கத்திலும் வெள்ளை, நிழல் பக்கத்திலும் கொஞ்சம் மங்கிய வெள்ளை. அதையொட்டி இருட்டு எதுவும் விழுவதில்லை. படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு வரியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் பின்தொடர்ந்தால் போதும், வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் காயின் வெளிவிளிம்பைப் பார்க்கவேண்டும். பீர்க்கங்காய்க்குப் பொதுவாகப் பத்து முகடுகள். படுத்திருக்கும் காயில் நமக்கு நேரே நான்கைந்து தெரியும், மற்றவை மறுபுறம். கேமராவைப் பார்த்தபடி முனை தெரியும் காய் ஒன்று குவியலில் இருந்தால் இன்னும் நல்லது. அதன் குறுக்குத் தோற்றம் பற்சக்கரம்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். இப்படி ஒரு வெட்டுமுகம் காட்டும் காய் நம் சந்தையில் வேறு இல்லை என்றே சொல்லலாம். வெண்டைக்காய்க்கு முகடுகள் உண்டுதான், ஆனால் பெரும்பாலும் ஐந்து. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு மூன்றுக்கு மேல் தெரியாது. அளவு தெரியாத படத்தில் இளம்பீர்க்கையும் வெண்டையையும் குழப்பிக்கொள்கிறவர்கள் முகட்டை எண்ணினால் தப்பிக்கலாம். வெண்டையின் காம்பில் அகன்ற தொப்பி ஒன்று உட்கார்ந்திருக்கும். பீர்க்கில் முகடுகளெல்லாம் ஒடுங்கிய கழுத்தில் கூடி நேராகக் காம்பில் போய் முடியும்.

பீர்க்கின் உருவமும் உதவும். காம்புப் பக்கம் ஒல்லியாகத் தொடங்கி நுனிப் பக்கம் பருத்துக்கொண்டே போகும், கதாயுதத்தைப் படுக்கவைத்த மாதிரி. அந்தப் பருத்த நுனியில் பூ உதிர்ந்த வடு சற்றே துருத்திக்கொண்டு நிற்கும்.

இங்கே ஒரு சிக்கலான உறவுக்காரர் வருகிறார்: நுரைப்பீர்க்கு. சில ஊர்களில் மெழுகுபீர்க்கு என்பார்கள். முற்றிக் காய்ந்தால் உள்ளே வலைபோன்ற நார் மட்டும் மிஞ்சும். உடம்பு தேய்த்துக் குளிக்கக் கடையில் விற்கும் இயற்கை நார் அதுதான். பிஞ்சாக இருக்கையில் சமைக்கலாம். தமிழ்நாட்டுச் சந்தையில் இது குறைவு. வடஇந்தியக் கடைகளிலும் தென்கிழக்காசிய, சீனக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் படங்களில் பெரும்பாலான குழப்பத்துக்கு இதுதான் காரணம். முகடில்லை, தோல் ஏறக்குறைய வழவழப்பு, அதன் மேல் மெல்லிய கோடுகள். பார்த்தவுடன் 'புடல்' என்று வாய் சொல்லிவிடும்.

இந்த இடத்தில் கோட்டின் நிறத்தைக் கவனிக்கவேண்டும். நிறத்தை நம்பக்கூடாது என்று மேலே சொன்னது முழுக்காயின் நிறத்தைப் பற்றி. ஒரே காயில் எது கருமை, எது வெளுப்பு என்ற ஒப்பீடு அப்படி ஏமாற்றாது. எந்தப் பாயின் ஒளியும் கோட்டையும் தோலையும் சேர்த்தே மாற்றுவதால் இரண்டுக்கும் உள்ள உறவு அப்படியே இருக்கும். நுரைப்பீர்க்கில் தோலைவிடக் கோடு கருமையானது. மெல்லியதாகவும் ஒழுங்கான இடைவெளியிலும் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடும். புடலில் கரும்பச்சை வகையானால் கோடு தோலைவிட வெளுப்பானது. ஒழுங்கில்லாமல் விட்டு விட்டு, திட்டுத் திட்டாகத் தீட்டியது போலிருக்கும். வெளிர்நிறப் புடலில் பச்சைக் கோடுகள் பெரும்பாலும் காம்புப் பக்கத்தில் அழுத்தமாகத் தொடங்கி நுனியை நோக்கி மங்கிப்போகும்.

முனைகளும் சேர்ந்து சாட்சி சொல்லும். குட்டைப்புடல் இரண்டு பக்கமும் கூம்பி முடியும், காம்பு மெல்லியது. நுரைப்பீர்க்கு நுனியில் கூம்பாது, மொத்தையாக முடியும், காம்பு தடித்தது. இதையும் பார்த்தபின் பெரும்பாலும் சந்தேகம் மிஞ்சுவதில்லை.

நெடும்புடலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அத்தனை நீளத்தில் வேறு காய் இல்லை, முருங்கை ஒன்றைத் தவிர. முருங்கை விரல்தடிமன்தான், மூன்று பட்டையாக இருக்கும், குறுக்கே கணுக்கணுவாகப் புடைத்திருக்கும். நெடும்புடலில் இன்னொரு சுவாரஸ்யம், அது நேராக இருப்பதற்குக் காரணம் விவசாயி என்பது. பந்தலில் தொங்கும் பிஞ்சின் நுனியில் சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பாரத்தில் காய் நேராக இறங்கும். கல் கட்டாமல் விட்ட காய் வளைந்து சுருளும். படத்தில் ஒரு குவியலில் சில காய்கள் நேராகவும் சில கொக்கியாகவும் இருந்தால் இரண்டும் வேறு வேறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே பந்தலில் இறங்கியவையாக இருக்கலாம்.

நெடும்புடலை நம் கடைகளில் முழுதாக யாரும் வாங்குவதில்லை. கேட்கிற அளவுக்கு ஒடித்துக் கொடுப்பார்கள். அதனால் கடைப் படத்தில் பல சமயம் வெட்டுவாய் தெரியும், அது பெரிய உதவி. புடலின் வெட்டுவாயில் சதை மெல்லிய வளையமாகச் சுற்றியிருக்கும். நடுவில் பஞ்சுபோன்ற வெண்மை, அல்லது பாதி வெற்றிடம். சுரைக்காயின் வெட்டுவாய் முழுக்க வெள்ளைச் சதையாக, விதைகள் உள்ளே பதிந்து, கெட்டியாக இருக்கும். 'வெள்ளையா நீளமா' கிடந்து ஏமாற்றிய அந்தச் சுரைக்காயை வெட்டாத நிலையிலும் பிடிக்கலாம். வரிகள் கிடையாது, தடிமன் அதிகம், காம்பு பருமனாக வெளிர்பச்சையில் இருக்கும். பிஞ்சுச் சுரையின் தோலில் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருக்கும். பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தில் விளிம்போரம் அது மங்கலான வெண்படலமாகத் தெரியும்.

வெள்ளரிக்காயிலும் வெளிர்கோடுகள் உண்டு. ஆனால் அவை நுனிப் பக்கத்திலிருந்து, பூ இருந்த இடத்திலிருந்து கிளம்பிக் காம்பை நோக்கி வந்து பாதிவழியில் கரைந்துபோகும். காம்புப் பக்கம்தான் கருமை.

இனி பாகற்காய். முழு அளவில் தெளிவான படமென்றால் இதைத் தவறவிட முடியாது. ஆனால் படம் பல கைகள் மாறி வரும்போது நிலைமை வேறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும்போது முதலில் அழிவது சின்னஞ்சிறு மேடுபள்ளங்கள். பாகலின் முள் முழுக்கக் கரைந்து வெறும் பச்சைத் திட்டாகிவிடும். அப்போது காயின் நடுப்பகுதியைப் பார்த்துப் பயனில்லை, விளிம்பைப் பார்க்கவேண்டும். பின்னால் இருக்கும் வெளிர்நிறத் தட்டுக்கோ சாக்குக்கோ எதிரே காயின் ஓரம் எப்படி ஓடுகிறது? பீர்க்கின் ஓரமும் புடலின் ஓரமும் நூல் பிடித்தாற்போல ஓடும். பாகலின் ஓரம் பல்பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். சுருக்கத்திலும் விளிம்பு ஓரளவு தங்கும், ஏனென்றால் அங்கே நிற வேறுபாடு பெரிது.

பாகலில் நீளவாக்கில் சில முகடுகள் உண்டு. அவற்றுக்கு இடையில் சிறிதும் பெரிதுமான பருக்கள். முகடும் உடைந்து உடைந்தே போகும். சீனக் கடைகளில் கிடைக்கும் பாகல் வகையில் இது அப்படியே தலைகீழ். முள் ஏறக்குறைய இல்லை, முகடுகள் உருண்டு திரண்டு, நீளமாக, மெழுகு பூசியது போல மின்னும், நிறமும் வெளிர்பச்சை. தேக்காவிலோ ஸ்கார்பரோவிலோ எடுத்த படத்தில் அதைப் பார்த்த அம்மா பீர்க்கங்காயின் வேறொரு வகை என்று நினைத்தால் அதில் வியப்பில்லை. பிரித்தறிய, முகட்டின் உச்சியைப் பார்க்கவேண்டும். பீர்க்கின் முகடு கத்திவிளிம்பாகக் கூர்மையானது, ஆகவே அதில் ஒளி மெல்லிய கீற்றாக விழும். சீனப் பாகலின் முகடு உருண்டையானது. ஒளி அகலமாகப் பரவி, நடுநடுவே அறுபட்டுச் சொட்டுச் சொட்டாக நிற்கும்.

சின்னப் பாகலில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மிதிபாகல் என்று விற்பது பாகலின் குட்டி வகைதான். அதன் உடம்பிலும் பெரிய முள், சின்ன முள் என்று கலந்திருக்கும், இரண்டு முனையும் கூர்ந்திருக்கும். பழுபாகல் வேறு இனம். முட்டை வடிவம், உடம்பு முழுக்க ஒரே அளவில் மென்முள், நீளவாக்கு முகடு என்று ஒன்றுமே இல்லை. அதலைக்காய் இன்னும் சின்னது. விருதுநகர், மதுரை, தூத்துக்குடிக் கரிசல் பக்கம் மழைக்காலத்தில் தானாக முளைக்கும். அதில் முள் கிடையாது, வெறும் முகடுகள்தான். இரு பக்கமும் கூம்பிய சிறு காய். பறித்துக் கொஞ்ச நேரமானால் வெடித்துவிடும் இயல்புடையது என்பதால், படத்தில் ஒரு கூறு அதலைக்காயில் சில வாய்பிளந்து கிடந்தால் அதுவே ஓர் அடையாளம்.

கோவைக்காயும் பர்வலும் சென்னையில் சௌகார்பேட்டைப் பக்கத்துக் கடைகளில் ஒன்றாக வீற்றிருக்கும். இரண்டிலும் வெளிர்கோடுகள், இரண்டும் உருளை. கோவை பெரும்பாலும் விரல் நுனியளவில் தொடங்கி விரலின் நீளத்துக்குள் நின்றுவிடும், தோல் பளபளக்கும். பர்வல் அதைவிடப் பருமன், இரு முனையும் கூர்மை, தோலில் பளபளப்பு குறைவு. அளவு காட்டும் பொருள் இல்லாத படத்தில் இந்த இரண்டையும் பிரிக்க முனையையும் மினுக்கத்தையும் மட்டுமே நம்பவேண்டும். அந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு.

இதையெல்லாம் ஒரு படத்தில் பொருத்திப் பார்த்தால் தெளிவாகும். சாயங்காலம், ஆரஞ்சுத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு தரைக்கடை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இடப்பக்கம் கரும்பச்சைக் குவியல். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிரேட், அதன் மேல் வெளிர்நிற நீளக்காய்கள். வலப்பக்கம் ஒரு தட்டில் சின்னச் சின்னக் காய்கள், கொஞ்சம் மங்கல். பின்னால் நிழலில் இன்னும் சில நீளக்காய்கள். அவற்றின் நடுப்பகுதி மட்டுமே தெரிகிறது. ஓரத்தில் ஒரு கூறு தக்காளி.

இடப்பக்கக் குவியலில் முதல் பார்வையில் கருமை மட்டுமே தெரிகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு காயிலும் நான்கைந்து வரிகள். ஒவ்வொன்றும் மெல்லிய வெளிச்சமும் பக்கத்தில் இருட்டுமாக ஜோடி சேர்ந்திருக்கிறது. ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது, எல்லா வரியிலும் இருட்டு இடப்பக்கமே விழுகிறது. வரைந்த கோடானால் இப்படி ஒருபக்கமாக இருட்டு விழ வழியில்லை. குவியலின் அடியில் ஒரு காயின் முனை நம்மைப் பார்க்கிறது, மேடும் பள்ளமுமாக. பீர்க்கங்காய். இதில் இனி யோசிக்க ஒன்றுமில்லை.

நடுக் கிரேட்தான் பார்க்கவேண்டியது. ஆரஞ்சு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரிகின்றன, ஆகவே நிறத்தை ஒதுக்கிவிடலாம். அளவு? சந்தைகளில் புழங்கும் பிளாஸ்டிக் கிரேட் சுமார் ஒன்றே முக்கால் அடி நீளம். காய் அதில் பாதிக்குச் சற்று மேல் நீள்கிறது, அதாவது ஓரடிக்குப் பக்கம். நெடும்புடல் இல்லை. குட்டைப்புடல், நுரைப்பீர்க்கு, நீளச்சுரை மூன்றுக்கும் இந்த நீளம் பொருந்தும். தடிமனுக்கு ஓரத்துத் தக்காளி உதவுகிறது: நடுத்தரத் தக்காளி ஐந்தாறு சென்டிமீட்டர் குறுக்களவு. கிரேட்டும் தக்காளியும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால் இந்த ஒப்பீடு செல்லும். காயின் தடிமன் தக்காளியைவிடக் கொஞ்சம் குறைவு. சுரைக்காய் இன்னும் பருமனாக இருக்கும், ஆகவே அது விலகிவிடுகிறது. மீதி இரண்டு. தோலில் கோடுகள் இருக்கின்றன. வெயில் பக்கத்திலிருந்து நிழல் பக்கம்வரை மாறாமல் ஓடுகின்றன, இருட்டு ஜோடி இல்லை. காம்புப் பக்கம் கோடுகள் நெருக்கம், நுனிப் பக்கம் மங்கல். இரண்டு முனையும் கூம்பியிருக்கின்றன. குட்டைப்புடல்.

வலப்பக்கத் தட்டு மங்கலாக இருக்கிறது. மேற்பரப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் தட்டு வெள்ளை எவர்சில்வர், காயின் ஓரம் அதன் மேல் தெளிவாக விழுகிறது. ஓரம் பல்பல்லாக இருக்கிறது. ஆக, பாகல் குடும்பம். மிதிபாகலா பழுபாகலா என்றால், முனைகள் கூர்ந்திருக்கின்றன, பற்கள் ஒரே அளவில் இல்லை, ஒன்றிரண்டு பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. மிதிபாகல் என்று சொல்லலாம்.

பின்னால் நிழலில் கிடப்பவை? முனைகள் தெரியவில்லை. ஒளி படவில்லை, ஆகவே மேடுமில்லை, நிழலுமில்லை. கோடு இருப்பதுபோலத் தோன்றுகிறது, ஆனால் அது சுருக்கத்தில் வந்த தடமாகவும் இருக்கலாம். கடைக்காரர் நீளக்காய்களைப் பக்கம் பக்கமாக அடுக்குவது வழக்கம் என்பதால் 'அதுவும் புடல்தான்' என்று சொல்லிவிட ஆசை வரும். சொல்லக்கூடாது; படத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

படத்தில் எவ்வளவு தெளிவிருந்தாலும் காட்டமுடியாத ஒன்று உண்டு. சுரை, பீர்க்கு ஆகியவற்றில் சில காய்கள் இயல்புக்கு மாறாகக் கடுமையாகக் கசக்கும். குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் அவற்றில் கூடுதலாகத் திரண்டிருப்பதே காரணம். அது வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்தப்போக்குவரை கொண்டுபோகும். 2010இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒருவர் இறந்தபின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவேண்டாம் என்று எச்சரித்தது. கசக்கும் சுரைக்கும் நல்ல சுரைக்கும் தோலில், நிறத்தில், வரியில் வேறுபாடு கிடையாது. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயையும் எறிந்துவிடுவது வீட்டில் பழைய வழக்கம். அதற்குப் படம் ஈடாகாது.

மற்றபடி சந்தேகம் வந்தால் கேட்டு வாங்கவேண்டியது இன்னொரு படம்தான். எப்படிப்பட்ட படம் என்றும் சொல்லிவிட்டால் நல்லது. பிளாஷ் போடவேண்டாம், நேருக்கு நேர் அடிக்கும் வெளிச்சம் முகட்டின் நிழலையெல்லாம் அழித்துவிடும், பீர்க்கும் நுரைப்பீர்க்கும் ஒன்றாகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நிற்கவேண்டும். மொத்தக் கடையையும் எடுப்பதைவிட ஒரே காயை எடுத்து, காம்பும் நுனியும் இரண்டும் சட்டகத்துக்குள் இருக்கும்படி, பக்கத்தில் ஒரு விரலை நீட்டி எடுத்தால் அளவும் வந்துவிடும். வெட்டி வைத்த துண்டு இருந்தால் வெட்டுவாயையும் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஹெச்டி' என்ற தெரிவையோ, படத்தைக் கோப்பாக அனுப்பும் வழியையோ எடுத்தால் பாகலின் முள் கரையாமல் வந்து சேரும். கடைக்காரர் பொறுமைசாலியாக இருந்தால் "அண்ணே, அந்த ஒண்ண மட்டும் தூக்கிக் காட்டுங்க" என்று கேட்டு, அவர் கையில் பிடித்திருக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம்.